கூலரில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கிடந்தால்: பேட், பம்ப், மேல் வாய்க்கால்

"அண்ணா, போன வாரம் கூலருக்கு மூணு பக்கமும் புதுசா தேன்கூடு பேட் போட்டேன். பின்பக்கமும் வலப்பக்கமும் நல்லா நனையுது. இடப்பக்கம் முக்கால்வாசி காய்ஞ்சே கிடக்குது. பழைய பேட்லயும் இதே பக்கம்தான் உப்புப் பூத்திருந்துச்சு. மெக்கானிக் பம்ப்பை மாத்தணும்கிறார். மாத்தினா சரியாகுமா? வீடு வேலூர், போர் தண்ணி. கூலரைப் போன வருஷம் ஹால்ல இருந்து பால்கனி ஜன்னலுக்கு மாத்தி வச்சோம்."

பம்ப்புக்குக் காசு கொடுக்க இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். மூன்று பேடுக்கும் தண்ணீர் ஏற்றுவது ஒரே பம்ப். அது மட்டும் சோர்ந்திருந்தால் மூன்று பக்கமும் சேர்ந்தே இளைக்கும். மேல்பாதி நனைந்து, கீழே போகப் போக மூன்றும் காயத் தொடங்கும். இரண்டு பக்கம் நன்றாக நனைந்து ஒன்று மட்டும் காய்கிறது என்றால், தண்ணீர் மேலே வந்து சேர்ந்த பிறகு பங்கு பிரிவதில்தான் கோளாறு. பேட் மாற்றியும் அதே பக்கம் காய்வதும் அதைத்தான் சொல்கிறது. பால்கனிக்கு மாற்றினோம் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

பழைய பேடை இன்னும் குப்பையில் போடவில்லை என்றால் எடுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். வேலூர் பக்கத்துப் போர் தண்ணீரில் சுண்ணாம்பு நிறைய. தாராளமாகத் தண்ணீர் ஓடிய இடத்தில் உப்பு தங்காது, ஓடுகிற தண்ணீரே அதைக் கழுவித் தொட்டிக்குக் கொண்டுபோய்விடும். கொஞ்சமாக நனைந்து, காற்றில் காய்ந்து, மறுபடி கொஞ்சமாக நனைகிற இடத்தில்தான் வெள்ளை படியும். ஆகவே அந்த வெள்ளைத் திட்டு எத்தனை மாதமாக எங்கே தண்ணீர் போதவில்லை என்பதைக் காட்டுகிற வரைபடம். மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக வெள்ளை இருந்தால், அதற்கு நேர் மேலே, பேடுக்குத் தண்ணீரைப் பிரித்து விடுகிற துளையுள்ள வாய்க்காலில் ஒரு துளை அடைத்திருக்கிறது. கீழ்ப்பகுதியில் மட்டும் அகலமாக இருந்தால் மொத்தத் தண்ணீரே குறைவு. ஒரு ஓரத்தில் அடர்த்தியாக இருந்து மறு ஓரம் போகப் போகக் குறைந்தால் கூலர் சாய்ந்து நிற்கிறது. பேட் மாற்ற வருகிறவர்கள் பழையதை உருவிய கையோடு எறிந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம்.

ஒரு பக்கம் காய்ந்தால் என்ன, மற்ற இரண்டும் நனைகிறதே என்று விடவும் முடியாது. மே மாதப் பிற்பகலில் வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை ஈரத்தால் எவ்வளவு குளிர்வித்தாலும் ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது. முழுக்க நனைந்த நல்ல பேட் அந்த இடைவெளியில் முக்கால் பங்கைக் கடக்கும் என்றால், அறைக்குள் வருவது 29 அல்லது 30 டிகிரிக் காற்று. பேட் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு காய்ந்திருந்தால் அந்த வழியாக 40 டிகிரிக் காற்று அப்படியே நுழைந்து மற்றதோடு கலக்கும். கலவை 31, 32-க்குப் போய்விடும். ஈரம் நிறைந்த துளைகளைவிடக் காய்ந்த துளைகளில் காற்றுக்குத் தடை குறைவு. அதனால் காய்ந்த இடம் தன் பரப்புக்கு உரியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காற்றை இழுக்கும். உங்களுக்கு ஒரு பேடில் முக்கால்வாசி காய்கிறது, இழப்பு இதைவிடப் பெரிது.

இனி வேலைக்கு வருவோம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் நிற்கிற தொட்டிக்குள் பம்ப்பின் வயர் கிடக்கிறது. அந்த வயரில் எங்காவது டேப் சுற்றிய இணைப்பு தண்ணீருக்குள் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். தகர உடம்புக் கூலராக இருந்தால் எர்த் உள்ள மூன்று முனை பிளக் கட்டாயம். இந்த விஷயத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. ஓடும்போது பார்க்க வேண்டியதைக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், கை வைக்க வேண்டியதைப் பிளக் பிடுங்கிய பிறகு செய்யுங்கள்.

முதலில் சாய்வு. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகப் பால்கனித் தரையை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலாவது சாய்த்துப் போடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான். ஆனால் கூலரின் மேல் வாய்க்காலுக்கு அதுவே மலைச்சரிவு. வாய்க்காலில் துளைகளுக்கு மேல் நிற்கிற தண்ணீரின் ஆழமே ஏழெட்டு மில்லிமீட்டர்தான். உங்கள் கூலர் 60 சென்டிமீட்டர் அகலம் என்றால் அந்தத் தரையில் ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைவிட ஆறு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும். தாழ்ந்த ஓரத்தில் எட்டு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் உயர்ந்த ஓரத்தில் இரண்டுதான் நிற்கும். துளை வழியே விழுகிற தண்ணீர் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆகவே உயர்ந்த ஓரத்துத் துளைகளுக்குப் பாதிதான் கிடைக்கும். பம்ப் கொஞ்சம் சோர்ந்து ஆழம் ஐந்து மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால் உயர்ந்த ஓரத்துக்குத் தண்ணீர் எட்டவே எட்டாது. உங்கள் இடப்பக்கம் தண்ணீர் வடிகிற குழாய்க்கு எதிர்ப்பக்கமா என்று பாருங்கள். ஆம் என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது.

இதைச் சோதிக்கக் கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நேரான சுவருள்ள கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, கூலரின் மேல்தட்டில் படுக்கவைத்துப் பாருங்கள். அதைவிட நம்பகமானது வாய்க்காலையே பார்ப்பது. மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, எதையும் தொடாமல், பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, மூன்று பக்கத்திலும் நிற்கிற தண்ணீரின் ஆழத்தைக் கண்ணால் ஒப்பிடுங்கள். எந்தப் பக்கம் ஆழம் குறைவோ அந்தப் பக்கம் கூலர் உயர்ந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போதே, தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டு அல்லது தட்டையான ரப்பரை வைத்து உயர்த்துங்கள். நிறைந்த தொட்டியோடு தூக்கப் போனால் பிளாஸ்டிக் உடம்பு முறுக்கிக்கொள்ளும். சக்கரப் பூட்டையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் துண்டை விட்டு இறங்கி ஓடும்.

மட்டம் சரியான பிறகும் இடப்பக்கம் காய்ந்தால் துளைகளைப் பாருங்கள். சுண்ணாம்பு துளையின் விளிம்பில்தான் கட்டும். தண்ணீர் நின்ற பிறகு அங்கே தங்குகிற கடைசிச் சொட்டு தினமும் காய்வதே காரணம். ஐந்து மில்லிமீட்டர்த் துளை மூன்றாகச் சுருங்கினால் அதன் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலாகத்தான் மிஞ்சும். வாய்க்காலைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூள் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கேட்டாலே கிடைக்கும். நுரைத்து அடங்கியதும் மூங்கில் குச்சியால் துளை துளையாகக் குத்திக் கழுவுங்கள். கழற்ற முடியாத வாய்க்கால் என்றால் அந்தக் கரைசலில் நனைத்த துணியைத் துளைகள் மேல் போட்டு வையுங்கள், பேடை மட்டும் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். கழிவறை கழுவும் அமிலம் வேண்டாம், அது பம்ப்பின் ரப்பரையும் திருகுகளையும் தின்றுவிடும்.

இந்த இடத்தில் பலர் செய்கிற தவறு, காய்ந்த பக்கத்துத் துளைகளை ஆணி சுட்டுப் பெரிதாக்குவது. முதல் நாள் அந்தப் பக்கம் நனையும், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் பெரிய துளைகள் தண்ணீரை உடனே விழுங்கிவிடுவதால் வாய்க்காலில் ஆழம் நிற்காமல் போகும். பிறகு தூரத்துத் துளைகள் காயும். அவற்றையும் பெரிதாக்கினால் வாய்க்காலே ஒழுகுகிற சல்லடை ஆகிவிடும். துளை எல்லாம் ஒரே அளவாகவும் சிறிதாகவும் இருப்பதால்தான் தண்ணீர் தேங்கி மட்டம் பார்த்துப் பரவுகிறது. சில கூலர்களில் வாய்க்காலுக்குப் பதில் நடுவில் ஒரு கிண்ணமும் அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மெல்லிய டியூபும் இருக்கும். உங்களுடையது அப்படி என்றால் இடப்பக்க டியூப் மடிந்திருக்கிறதா, கழன்று தொட்டிக்குள் தொங்குகிறதா என்று பாருங்கள். கழன்றிருந்தால் தண்ணீர் நேரே தொட்டியில் கொட்டுகிற சத்தம் தனியாகக் கேட்கும்.

இப்போது பம்ப். மாற்றச் சொல்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும், அதற்கு ஒரு வாளியும் கைபேசியில் கடிகாரமும் போதும். தேன்கூடு பேடுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்குப் பழகிய கணக்கு ஒன்று இருக்கிறது. பேடின் மேல்விளிம்புப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர். கோழிப்பண்ணைகளில் பெரிய பேடுகளுக்கும் இதே அளவைத்தான் வைக்கிறார்கள். பின்பேட் 60 சென்டிமீட்டர், பக்கப் பேடுகள் 45, 45 என்றால் மொத்த நீளம் ஒன்றரை மீட்டர். கனம் 9 சென்டிமீட்டர். பெருக்கினால் 0.135 சதுர மீட்டர். நிமிடத்துக்கு எட்டு லிட்டர் தேவை. உங்கள் பேடை டேப் வைத்து அளந்து இதே போலக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பம்ப்பின் ஒட்டுச்சீட்டில் மணிக்கு 1100 லிட்டர், உயரம் 1.8 மீட்டர் என்கிற மாதிரி போட்டிருக்கும். அப்படியானால் நிமிடத்துக்குப் பதினெட்டு லிட்டர் வருமே என்று நினைக்கத் தோன்றும். அந்த இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. 1100 லிட்டர் என்பது தண்ணீரை உயர்த்தாமல் அப்படியே தள்ளும்போது வருவது. 1.8 மீட்டர் என்பது தண்ணீர் ஏறி நின்று, ஒரு சொட்டும் வெளியே விழாத உயரம். உங்கள் வாய்க்கால் 1.1 மீட்டர் உயரத்தில் இருந்தால், புதுப் பம்ப்பே ஏறக்குறைய ஏழு, எட்டு லிட்டர்தான் கொடுக்கும். தேவையும் அவ்வளவே. அதாவது கையிருப்பு என்று ஒன்றும் கிடையாது, பம்ப் கொஞ்சம் அடைத்தாலே பற்றாக்குறை.

அளப்பது இப்படி. பிளக்கைப் பிடுங்கி, வாய்க்காலில் சேருகிற ஹோஸ் முனையைக் கழற்றுங்கள். அந்த முனையை அதே உயரத்தில் நிற்கும்படி கட்டி, ஒரு சிறு வாளிக்குள் திருப்பி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முனையைத் தாழ்த்தினால் கணக்கே பொய்யாகும், உயரம் குறையக் குறையத் தண்ணீர் கூடும். இன்னொருவர் பிளக்கைச் செருகி முப்பது விநாடி ஓடவிட்டு நிறுத்தட்டும். வாளியில் சேர்ந்ததை லிட்டர் பாட்டிலால் அளங்கள். நான்கு லிட்டர் வந்தால் பம்ப் நலம். மூன்றுக்குக் கீழே என்றால் பம்ப்பைத் திறந்து பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் சாயங்காலம் மின்னழுத்தம் இறங்குமானால் அந்த நேரத்தில் ஒரு முறை அளப்பது நல்லது. காலையில் நான்கு லிட்டர் கொடுக்கிற பம்ப் மாலையில் மூன்றுக்கு இறங்குவதுண்டு.

திறப்பதும் கடினமில்லை. அடியில் சல்லடை மூடி கிளிப்பில் நிற்கும், நகத்தால் நெம்பினால் வரும். உள்ளே ஒரு சிறு தட்டு, அதைத் திருகியோ இழுத்தோ எடுத்தால் தண்ணீரைத் தள்ளுகிற சிறு விசிறியான இம்பெல்லர் தெரியும். அதன் தண்டில் முடி, மரச்சீவல் நார், துணி இழை எதாவது சுற்றியிருக்கும். அதை எடுத்து, படிந்த சுண்ணாம்பைச் சிட்ரிக் கரைசலில் கரைத்து, இம்பெல்லர் விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடவிட்டால் முனகல் மட்டும் கேட்டுத் தண்ணீர் வராவிட்டால் இம்பெல்லர் சிக்கியிருக்கிறது. முனகலே இல்லையென்றால் வயர் அல்லது பம்ப்புக்குள் இருக்கிற கம்பிச்சுருள் போயிருக்கிறது, அப்போது மாற்றத்தான் வேண்டும். இம்பெல்லர் சுத்தமாகச் சுற்றியும் அளவு ஏறவில்லை என்றால் அதன் இறக்கைகள் தேய்ந்திருக்கும், அப்போதும் மாற்றலாம். அதற்கு முன் ஹோஸ் எங்காவது மடிந்து நெளிந்திருக்கிறதா, பம்ப் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடி ரப்பர் பிடிப்பு விட்டுச் சாய்ந்து கிடந்தால் காற்றை இழுத்துக்கொண்டு விட்டு விட்டுத் தள்ளும்.

இரண்டு கோளாறும் சேர்ந்தே வருவதுண்டு. காட்பாடியில் ஒரு வீட்டில் பார்த்தது, உங்களுடையதைப் போலவே பால்கனியில் நின்ற பிளாஸ்டிக் கூலர். அந்த அக்கா இரண்டு கோடையில் இரண்டு தடவை பேட் மாற்றிவிட்டார், ஒரு தடவை பம்ப்பும் மாற்றியாயிற்று. வலப்பக்கம் காய்வது நிற்கவில்லை. வாளியில் முப்பது விநாடிக்கு இரண்டு லிட்டர்தான் சேர்ந்தது. பம்ப்பைத் திறந்தால் தலைமுடி தண்டில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டு அளந்தபோது நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஆனாலும் வலப்பக்கப் பேடின் வெளி ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு நனையவில்லை. மேல்மூடியைத் திறந்து பார்த்தால் வாய்க்காலில் அந்த ஓரத்தில் தண்ணீர் வெறும் படலமாக நின்றது. எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் ஆறு மில்லிமீட்டர் டைல்ஸ் துண்டை வைத்த பத்தாவது நிமிடத்தில் முழுப் பேடும் கறுத்து நனைந்தது. முதல் ஆண்டு புதுப் பம்ப் போட்டபோது பிரச்சினை குறைந்த மாதிரித் தெரிந்ததற்கும் காரணம் அதுவே. பம்ப் வலுவாக இருந்தவரை தண்ணீர் மேட்டையும் ஏறியது.

பேட் சம்பந்தமாகவும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுப் பேடை மாட்டிய விதத்திலும் நனைவு கெடும். கடையில் வாங்குகிற பேட் சட்டத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயரம் குறைந்தாலும் மேலே ஒரு சந்து விழும். வாய்க்கால் தண்ணீர் அந்தச் சந்தில் தெறித்து உள்ளே போகும், சூடான காற்றும் அதே சந்தில் நுழையும். வெட்டிய மிச்சத் துண்டை அந்த அகலத்துக்குச் சீவி இறுக்கமாகச் செருகி அடைத்துவிடுங்கள். உயரம் கூடுதலாக இருந்தால் புதிய ஹெக்ஸா பிளேடால் மெதுவாக அறுக்க வேண்டும். மழுங்கிய கத்தியால் அழுத்தி வெட்டினால் குழல்களின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும். அப்படி நசுங்கிய விளிம்பு மேலே வந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வெளிமுகத்தில் வழிந்துவிடும், அதனால் வெட்டிய விளிம்பை எப்போதும் கீழே வைப்பது என் பழக்கம்.

பேடைப் பக்கவாட்டில் பார்த்தால் அலைத் தாள்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சாய்ந்திருக்கும். இரண்டு சாய்வும் ஒரே அளவாக இருந்தால் எப்படி மாட்டினாலும் சரி. ஒன்று செங்குத்தாகவும் மற்றது படுக்கையாகவும் இருந்தால், செங்குத்தான சாய்வு கூலருக்கு வெளிப்புறத்தை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். உள்ளே இழுக்கிற காற்று தண்ணீரை மின்விசிறிப் பக்கம் தள்ளும், அந்தச் சாய்வு அதை வெளிப்பக்கம் திருப்பிக் கொண்டுவரும். தலைகீழாக மாட்டிவிட்டால் வெளிமுகம் காய்ந்து உள்முகத்தில் தண்ணீர் சேர்ந்து, அறைக்குள் திவலை பறக்கும். உங்களுக்கும் அறையில் திவலை பறக்கிறது என்றால் இடப்பக்கப் பேடை ஒரு தடவை கழற்றி இதைப் பாருங்கள்.

புதுப் பேட் முதல் நாளில் ஒழுங்காக நனையாது. தாளின் மேல் உள்ள பிசின் பூச்சு தண்ணீரைத் தள்ளும், நுரையும் வரும், ஒரு வாடையும் இருக்கும். விசிறியை அணைத்து வைத்துப் பம்ப்பை மட்டும் அரை மணி நேரம் ஓடவிட்டு, பழுப்பேறிய அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். தாள் தண்ணீரை முழுதாக உறிஞ்சப் பழகச் சில நாள் ஆகும். நீங்கள் போட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது, மற்ற இரண்டும் நனைந்துவிட்டன, ஆகவே உங்கள் இடப்பக்கத்துக்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது. மரச்சீவல் பேட் போட்டிருப்பவர்களுக்கு வேறு விதமான தொல்லை. அந்தச் சீவல் நனைந்து கனத்துக் கீழே சரிந்து, மேலே நாலு விரல் அகலத்துக்கு வெறும் வலை நிற்கும். அதற்கு மருந்து கிடையாது, ஒவ்வொரு கோடையிலும் மாற்ற வேண்டியதுதான்.

போர் தண்ணீர் என்பதால் தொட்டியை நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுக்க வடியுங்கள். ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர் மட்டுமே, உப்பு எல்லாம் தொட்டியிலேயே தங்கும். மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் பத்தாம் நாள் அது போர் தண்ணீரைவிடப் பல மடங்கு கடினமாகிவிடும், பிறகு எந்தத் துளையும் திறந்திருக்காது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும், அதற்காகவும் வடிக்கும்போது தொட்டியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். ராத்திரி கூலரை நிறுத்தும் முன் பம்ப்பை அணைத்துப் பதினைந்து நிமிடம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் பேட் காயும், பாசி பிடிக்காது. பேடில் உப்புப் பூத்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பிளீச்சிங் தூளும் வேண்டாம். தாள் தளர்ந்து உதிர ஆரம்பிக்கும்.

உங்கள் வேலையின் வரிசை இதுதான். இன்று மேல்மூடியைத் திறந்து வாய்க்காலில் ஆழத்தைப் பார்த்து, டைல்ஸ் வைத்து மட்டம் செய்யுங்கள். பேட் கறுத்து நனைகிறதா என்று கால் மணி நேரம் பாருங்கள். நனையாத கோடு மிஞ்சினால் அதற்கு நேர் மேலுள்ள துளையைச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் மூன்று பேடின் அடியும் இளைத்தே இருந்தால் வாளி வைத்து அளங்கள். சுத்தம் செய்தும் முப்பது விநாடிக்கு மூன்று லிட்டர் தாண்டாத பம்ப் என்றால் மெக்கானிக் சொன்னபடி மாற்றுங்கள். மாற்றும்போது கடைக்காரரிடம் வாட் கேட்காமல் ஒட்டுச்சீட்டில் உயரத்தைப் பாருங்கள். 1.8 மீட்டருக்குப் பதில் இரண்டரை மீட்டர் போட்ட பம்ப் கிடைத்தால் உங்கள் வாய்க்கால் உயரத்தில் தாராளமாகக் கொடுக்கும். சரியான மட்டம் கிடைத்ததும் சக்கரம் நிற்கிற இடத்தைத் தரையில் பெயின்டால் குறித்து வையுங்கள், பால்கனி கழுவ நகர்த்தினாலும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம்.